வடைத் தாச்சியின் சத்தம் முதலில்: திருகோணமலைக் கடற்கரையில் வீதியோர உணவு வீடியோ எடுக்கப் போகிறவர்களுக்கு

சென்ற வருடம் ஆனி மாதத்து மாலையொன்றில் டச்சு விரிகுடாக் கடற்கரையில் எட்டு வண்டிகளை இரண்டு மணித்தியாலத்தில் படம் பிடித்து முடித்தேன். கையில் எழுத்துப் பிரதி எதுவும் இல்லை. போனால் வந்துவிடும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது கொத்து ரொட்டிச் சத்தம் உடைந்த ஒலிபெருக்கியில் பறை அடித்தது போலக் கேட்டது. மற்ற எல்லா இடத்திலும் காற்று மட்டுமே பேசியது. எட்டு இடத்திலும் நான் "நல்ல ருசி" என்று ஒரே முகத்தோடு சொல்லியிருந்தேன். இவற்றைவிட மோசமானது ஒன்று நடந்தது. இறால் வடை வண்டி அக்கா நான் கேட்காமல் எடுத்ததைக் கண்டு, "முதலில் கேட்கத் தெரியாதா தம்பி?" என்றார். அவர் முன்னிலையிலேயே அழித்தேன்.

பிறகு அதே கடற்கரைக்கு மூன்று முறை போய், எட்டு வண்டிகளை மூன்றாகக் குறைத்து, எட்டு நிமிட வீடியோ ஒன்றை ஒப்பேற்றினேன். அந்த அக்காவும் அதில் இருக்கிறார். இடையில் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். உங்களிடம் ஒரு கைப்பேசி, கடனுக்கு இன்னொன்று, ஒரு சிறிய முக்காலி இருந்தால் போதும்.

1. முதல் மாலை கமரா இல்லாமல் போங்கள்

நாலரை மணிக்குப் போய்விடுங்கள். வண்டிகள் வந்து சேர்வது, அடுப்பு மூட்டுவது, முதல் எண்ணெய் சூடாவது எல்லாவற்றையும் அப்போதுதான் பார்க்க முடியும். பசிக்கு வாங்கிச் சாப்பிடுங்கள், பேச்சுக் கொடுங்கள். வீடியோ என்ற சொல்லை முதல் பத்து நிமிடத்துக்கு எடுக்காதீர்கள். ஒவ்வொரு வண்டியிலும் மூன்று விடயங்களைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது காற்று. எங்கள் ஊரில் கச்சான் என்றால் கொறிக்கிற கடலையும் உண்டு, வைகாசி முதல் ஆவணி வரை தரைப்பக்கத்திலிருந்து அடிக்கிற காற்றும் உண்டு. வீடியோ எடுக்கிறவருக்கு இரண்டாவது கச்சானைத்தான் முதலில் தெரிந்திருக்க வேண்டும். டச்சு விரிகுடா கிழக்கைப் பார்த்த கரை. ஆகவே அந்த மாதங்களில் காற்று ஊர்ப்பக்கமிருந்து கடலை நோக்கி அடிக்கும். ஊருக்கு முதுகு காட்டி, உங்கள் உடம்பையே மறைப்பாக்கி நின்றால் ஒலிவாங்கிக்கு அரைவாசிக் காற்றுக் குறையும். ஐப்பசி பிறந்து வாடைக் காற்றும் மழையும் தொடங்கினால் எல்லாம் தலைகீழ். அந்தப் பருவத்தில் பல மாலைகளில் வண்டிகளே வராது, எனவே வெளியூரிலிருந்து வருகிறவர்கள் சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடையில் வருவது நல்லது.

இரண்டாவது வெளிச்சம். இங்கே சூரியன் கடலில் உதிக்கும், ஊருக்குப் பின்னால் மறையும். கடலில் சூரிய அஸ்தமனக் காட்சி எடுக்கலாம் என்று பிரதியில் எழுதிக்கொண்டு வருகிறவர்களை நான் கண்டிருக்கிறேன், ஏமாந்துதான் போவார்கள். ஆனால் இதில் ஓர் இலாபம் இருக்கிறது. விற்பவர் ஊர்ப்பக்கம் பார்த்து நின்றால், ஐந்து மணிக்குப் பிறகு சாய்ந்த வெயில் அவர் முகத்திலும் கையிலும் நேராக விழும், பின்னால் கடல் நீலமாக நிற்கும். விளக்கு எதுவும் வேண்டாம். ஆறு மணியை ஒட்டி அது போய்விடும், அதற்குப் பிறகு வண்டியின் குமிழ் விளக்குத்தான்.

மூன்றாவது, பக்கத்தில் என்ன சத்தம் இருக்கிறது என்பது. மின்பிறப்பாக்கி, ஐஸ்கிரீம் வண்டியின் பாட்டு, கொத்துக் கடை வானொலி. இதைப் பற்றி நான்காம் படியில் சொல்கிறேன்.

நாளையும் யோசித்துத் தெரிவு செய்யுங்கள். வெள்ளிக்கிழமை மாலையில் கோணேசர் கோயிலுக்குப் போய்த் திரும்புகிற குடும்பங்கள் கோட்டை வாசலால் இறங்கி இந்தக் கரைக்கு வருவார்கள். அவர்களில் பலர் அன்று மரக்கறிதான். இறால் வடையை ருசிக்கிற உங்களுக்குப் பின்னால் திருநீறு பூசிய ஒரு பெரியவர் தெளிவாகத் தெரிவது அவருக்கு நீங்கள் செய்கிற மரியாதை அல்ல. நோன்பு மாதம் என்றால், நோன்பு திறக்கும் முன் முஸ்லிம் கடைக்காரர் ஒருவருக்கு முன்னால் நின்று கமராவுக்காக மென்று காட்டாதீர்கள். இரவுத் தொழுகை முடிந்த பிறகு கொத்துக் கடை தானாகவே களைகட்டும்.

2. அனுமதி: வாயால் ஒரு முறை, தாளில் ஒரு முறை

விற்பவர்கள் கமராவைக் கண்டு ஏன் பின்வாங்குகிறார்கள் என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. கூச்சம் என்று நினைத்திருந்தேன், உண்மையில் பயம். 2024இல் கொழும்பில் வெளிநாட்டவர் ஒருவர் கொத்து விலை கேட்ட வீடியோ நாடெங்கும் பரவி, கடைக்காரர் கைதானது எல்லா வண்டிக்காரருக்கும் தெரியும். விலையைச் சொல்லிக் கேலி செய்வார்களோ, சுகாதாரப் பரிசோதகர் பார்ப்பாரோ, வரிக்காரர் வருவாரோ என்ற கணக்கு அவர்கள் மனதில் ஓடுகிறது. அதனால் நீங்கள் கேட்க வேண்டியது "எடுக்கலாமா?" என்ற ஒற்றைச் சொல் அல்ல. என்ன எடுப்பீர்கள், எங்கே போடுவீர்கள், எதைப் போட மாட்டீர்கள் என்று மூன்றையும் சொல்லுங்கள்.

நான் பயன்படுத்துவது அரைத் தாள். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் சிங்களம். அதில் ஐந்து வரிகள்தான் இருக்கின்றன: வீடியோ எங்கே வெளியாகும்; முகம், கை மட்டும், குரல் மட்டும் என்ற மூன்றில் எதற்குச் சம்மதம்; கடைப் பெயரும் விலையும் சொல்லலாமா; வெளியிடும் முன் காட்டுவேன் என்ற என் உறுதி; பிறகு மனம் மாறினால் அழைக்க என் தொலைபேசி இலக்கம். கீழே திகதியும் கையெழுத்தும். இரண்டு பிரதி எடுத்து ஒன்றை அவரிடமே கொடுங்கள். எழுத்து வாசிக்கச் சிரமப்படுபவர் என்றால் வாசித்துக் காட்டி, அவர் சம்மதம் சொல்வதைக் குரலாகப் பதிவு செய்யுங்கள். அது போதும்.

இதில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஒன்று, வண்டியில் நிற்பவர் முதலாளியாக இருக்க மாட்டார். கொத்துக் கடையில் எனக்குத் தலையாட்டியது கொத்துப் போடுகிற தம்பி. அரை மணித்தியாலம் கழித்து முதலாளி நானா வந்து, "யாரிடம் கேட்டீர்கள்?" என்றார். முழுவதையும் நிறுத்தி, திரும்பக் கேட்டு, அடுத்த நாள் வந்தேன். அங்கே முதலாளியின் சம்மதம் ஒன்று, கொத்துப் போடுகிறவரின் சம்மதம் இன்னொன்று. ஒருவர் மற்றவருக்காகச் சொல்ல முடியாது. இரண்டாவது பொறி இலவசச் சாப்பாடு. வீடியோ என்றதும் காசு வேண்டாம் என்பார்கள். கமராவை எடுக்கும் முன்பே காசைக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் சொல்லும் ருசிக்குப் பெறுமதி இல்லை. அவருக்கும் ஒரு வடை நட்டம்.

வாங்க வருகிற மக்களிடம் தாள் நீட்ட முடியாது. அவர்களைத் தோளுக்குக் கீழே, அல்லது முதுகுப்பக்கமாக எடுங்கள். பிள்ளைகளின் முகம் வேண்டவே வேண்டாம். தகப்பன் சிரித்துக்கொண்டு "எடுங்கள்" என்றாலும் வேண்டாம்.

இந்த ஊருக்கே உரிய இன்னோர் எச்சரிக்கை. கரையின் முடிவில் தெரிகிற பிரட்ரிக் கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது, துறைமுகப் பக்கம் கடற்படைத் தளம், சீனக்குடாவில் விமானப்படை. சீருடைக்காரர், காவலரண், வாசல் எதுவும் உங்கள் காட்சியில் விழாமல் பாருங்கள். ஆளில்லாப் பறக்கும் கமராவை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். அதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி தேவை, அதையும் இந்த ஊரில் எட்டு நிமிட வடை வீடியோவுக்காகத் தேடி அலைவது வீண்.

3. பிரதியை மூன்று நிரலில் எழுதுங்கள்

கொப்பித் தாளை மூன்றாகக் கோடிட்டு, முதலில் ஒலி, அடுத்து காட்சி, கடைசியில் பேச்சு என்று எழுதுங்கள். பெரும்பாலானவர்கள் பேச்சை முதலில் எழுதுகிறார்கள், நானும் அப்படித்தான் எழுதினேன். அப்போது வாய் ஓயாமல் ஓடுகிறது, வடை பொரிகிற சத்தம் அதற்கு அடியில் புதைந்துவிடுகிறது. ஒலியை முதலில் எழுதினால் எந்த இடத்தில் நீங்கள் வாயை மூட வேண்டும் என்பது தாளிலேயே தெரிந்துவிடும்.

எட்டு நிமிடத்தை நான் பிரித்தது இப்படி: தொடக்கம் அரை நிமிடம், இறால் வடை இரண்டரை, மாங்காயும் கச்சானும் ஒன்றரை, கொத்து மூன்று, முடிவு அரை. கொத்துக்கு ஏன் அவ்வளவு என்றால், அது ஒரு முழுத் தட்டு உருவாகிற கதை, அதை நடுவில் வெட்டினால் தாளம் செத்துவிடும். வடைப் பகுதி என் கொப்பியில் இருந்தபடி:

0:30 ஒலி: கடல் மட்டும், பிறகு தாச்சியில் முதல் வடை விழும் சத்தம். காட்சி: கறுப்புத் திரை இரண்டு விநாடி, சத்தம் வந்த பின்பே எண்ணெய் தெரிகிறது. பேச்சு: இல்லை.

0:45 ஒலி: பொரியும் சத்தம் தொடர்கிறது. காட்சி: அக்காவின் உள்ளங்கை, பருப்பு மாவைத் தட்டுகிறது, இறாலை மேலே வைத்து அழுத்துகிறது, எண்ணெயில் வழுக்கி விடுகிறது. மூன்று முறை, வெட்டாமல். பேச்சு: இல்லை.

1:10 ஒலி: அக்காவின் குரல், பின்னால் தாச்சி மெல்ல. காட்சி: கை, பிறகு முகம். பேச்சு (அக்கா): "பருப்பை மையாக அரைக்கக் கூடாது தம்பி. மையாகினால் உள்ளே வேகாது."

1:35 ஒலி: சத்தம் மெலிகிறது. காட்சி: குமிழி சிறுத்துப் போகிறது, அரிகரண்டி வடையைத் தூக்குகிறது. பேச்சு (அக்கா): "சத்தம் அடங்கினால் எடுக்க வேண்டியதுதான்."

1:55 ஒலி: கடதாசி சரசரப்பு, வெங்காயம் வெட்டும் கத்தி. காட்சி: வடை, மேலே வெங்காயமும் மிளகாய்க் குழம்பும். பேச்சு (நான்): விலை, ஒரே வரியில்.

2:15 ஒலி: முதல் கடி. காட்சி: என் முகம், அரைவாசி வெளிச்சத்தில். பேச்சு: விழுங்கிய பிறகு இரண்டு வசனம்.

2:45 ஒலி: அடுத்த வடை எண்ணெயில் விழுகிறது. காட்சி: அக்கா அடுத்த ஆளைப் பார்க்கிறார். பேச்சு: இல்லை. 3:00 வரை.

இதில் அக்காவின் இரண்டு வரிகளும் நான் எழுதிக் கொடுத்தவை அல்ல. முதல் மாலையில் அவர் தன்பாட்டில் சொன்னது, கொப்பியில் குறித்துவைத்திருந்தேன். இரண்டாம் நாள் "அன்றைக்குப் பருப்பு அரைப்பதைப் பற்றி ஒன்று சொன்னீர்களே" என்று மட்டும் கேட்டேன். விற்பவரை அறிமுகப்படுத்துவதற்கு இதுதான் வழி. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் யாரும் விறைத்துப் போவார்கள். கையில் இருக்கிற வேலையைப் பற்றிக் கேட்டால் கை நிற்காமலே வாய் பேசும். எத்தனை வருடமாக விற்கிறீர்கள், யுத்த காலத்தில் என்ன செய்தீர்கள், பிள்ளைகள் எத்தனை பேர் போன்ற கேள்விகளைப் பிரதியில் எழுதாதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், போடலாமா என்று தனியாகக் கேளுங்கள். அனுதாபத்துக்காக வடை விற்க அவர் வரவில்லை.

4. ஒலியைத் தனியாகப் பிடியுங்கள்

என்னை அதிகம் படுத்திய பகுதி இது. கைப்பேசியின் கமரா, ஒலியின் அளவைத் தானாகவே ஏற்றி இறக்குகிறது. அமைதியான இடத்தில் ஏற்றும், இரைச்சல் வந்தால் சட்டென்று இறக்கும். வடை விழும் முன் கடல் சத்தம் ஊதிப் பெருத்திருக்கும், விழுந்தவுடன் எல்லாம் அமுங்கிவிடும். உங்கள் காது கேட்டது பதிவில் இருக்காது. எனவே இரண்டாவது கைப்பேசியில், ஒலியளவைக் கையால் நிறுத்தக்கூடிய பதிவுச் செயலி ஒன்றைப் போட்டு, WAV வடிவில் தனியாகப் பதியுங்கள். மானியில் மிகப் பெரிய சத்தம் கழித்தல் 12 டெசிபெலைத் தாண்டாதபடி வையுங்கள். சுழியத்தைத் தொட்டால் ஒலி உடைந்துவிட்டது என்று பொருள், பிறகு எந்த மென்பொருளாலும் முழுமையாகச் சரிசெய்ய முடியாது. இரண்டு பதிவையும் தொடங்கியவுடன் கமராவுக்கு முன்னால் ஒரு முறை கை தட்டுங்கள். தொகுக்கும்போது அந்தத் தட்டலை வைத்து ஒலியையும் படத்தையும் பொருத்தலாம்.

வடைக்கு உரிய நேரம் எது? எண்ணெயில் விழுந்த முதல் அரை நிமிடம். அந்தச் சத்தம் எண்ணெயினுடையது அல்ல, மாவில் இருக்கிற தண்ணீர் ஆவியாகி வெளியேறுகிற சத்தம். தண்ணீர் குறையக் குறையக் குமிழி சிறுக்கும், சத்தமும் மெலியும். அக்கா காதால் பதம் பார்ப்பது இதனால்தான். ஆகவே விழுவதற்கு ஐந்து விநாடிக்கு முன்பே பதிவைத் தொடங்கி, எடுக்கும் வரை நிறுத்தாமல் இருங்கள். அந்த ஒரே பதிவில் வேகும் கதை முழுவதும் இருக்கும். ஒலிவாங்கியைத் தாச்சிக்கு மேலே நீட்டாதீர்கள், நீராவியும் எண்ணெயும் ஏறும். பக்கவாட்டில், ஒரு முழத் தூரத்தில், காற்றுப் படாத பக்கம் வையுங்கள். கடையில் விற்கிற காற்றுத்தடுப்பு உரோம உறை சின்னச் செலவுதான். அது கிடைக்கும் வரை நான் சுத்தமான, தடித்த காலுறை ஒன்றை மாட்டினேன். அழகில்லை, வேலை செய்தது.

கொத்து இதற்கு நேர்மாறு. இரும்புத் தட்டில் இரண்டு தகடுகள் மோதுகிற சத்தத்தைக் கிட்டத்தில் வைத்துப் பிடிக்கவே முடியாது. இரண்டு மீற்றர் தள்ளி, சற்றுப் பக்கமாக நில்லுங்கள். தகரக் கூரை இருந்தால் எதிரொலி அடிக்கும், கடை வாசலுக்கு வெளியே வந்து பிடித்தால் தணியும். ஒரு தட்டுக் கொத்தில் நான்கு ஒலிகள் வரிசையாக வருகின்றன: வெங்காயமும் லீக்ஸும் எண்ணெயில் சுருள்வது, முட்டை உடைவது, ரொட்டியோடு தகடுகள் இறங்குவது, கடைசியில் குழம்பு ஊற்றும்போது எழும் சீறல். கொத்துப் போடுகிற ஒவ்வொருவருக்கும் தனித் தாளம் உண்டு, அந்தத் தம்பி முடிக்கும்போது மூன்று தட்டுத் தட்டி நிறுத்துவார். இதற்காக ஒரு முழுத் தட்டையும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மூச்சில் பதியுங்கள். பிறகு வேறு கோணத்துக்காக இன்னொரு தட்டை எடுத்து, படத்தை மட்டும் முதல் ஒலியின் மேல், தகடு விழும் இடங்களில் வெட்டி ஒட்டுங்கள். இரண்டு தட்டும் நீங்கள் வாங்குவதாக இருக்கட்டும்.

மாங்காய் வண்டியில் எல்லாமே மெல்லிய ஒலி. கத்தி பலகையில் படுவது, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுப் பையைக் குலுக்குவது, கச்சான் வறுக்கிற தாச்சியில் கரண்டி உரசுவது. ஒலிவாங்கி ஒரு சாண் தூரத்துக்குப் போக வேண்டும். கூட்டம் சேரும் முன், ஐந்து மணிக்குள் முடியுங்கள்.

இனி அந்த வானொலி. பின்னணியில் சினிமாப் பாட்டு பத்து விநாடி கேட்டாலும் தளத்தில் ஏற்றியவுடன் உரிமைக் கோரிக்கை வந்து நிற்கலாம், எனக்கு வந்தது. கடைக்காரரிடம் ஐந்து நிமிடம் குறைக்க முடியுமா என்று பணிவாகக் கேளுங்கள். கடையில் ஆட்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால் கேட்காதீர்கள், வேறு நேரம் வாருங்கள். பாண் விற்கிற முச்சக்கர வண்டியின் மணிப்பாட்டு குறுக்கே வந்தால் பொறுத்திருங்கள், அது எப்படியும் போய்விடும்.

புறப்படும் முன் ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் அரை நிமிடம் வெறும் சூழல் ஒலியைப் பதியுங்கள். தொகுப்பில் இரண்டு துண்டுகளுக்கு இடையே ஓட்டை விழும்போது அதை அடைக்க இதுதான் உதவும். முதல் முறை நான் இதைச் செய்யவில்லை. கடல் திடீர் திடீரென்று நின்று நின்று அடித்தது.

5. நெருக்கக் காட்சி

பொழுது சாய்ந்தபின் வண்டி விளக்கில் எடுத்த படத்தில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஊர்ந்தால் கைப்பேசி பழுதல்ல. இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், மலிவான விளக்குகள் அதற்கேற்பத் துடிக்கின்றன. விநாடிக்கு 25 சட்டகம், திறப்பு நேரம் 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் பட்டை போய்விடும். மின்பிறப்பாக்கியில் எரியும் விளக்கில் சில நேரம் இதுவும் சரிவராது, அப்போது வேறு விளக்குப் பக்கம் திரும்புங்கள்.

ஆவி தெரிய வேண்டுமானால் வெளிச்சம் ஆவிக்குப் பின்னால் இருக்க வேண்டும், அதற்குப் பின்னணி இருட்டாக இருக்க வேண்டும். முன்னால் விளக்குப் பிடித்தால் ஆவி காணாமல் போகும். தாச்சிக்கு மேலே கையை நீட்டாதீர்கள். ஒரு கை நீளம் தள்ளி நின்று இருமடங்கு நெருக்கத்தில் எடுங்கள். வில்லையை ஒவ்வோர் இடத்திலும் துடையுங்கள், இல்லாவிட்டால் எண்ணெய்ப் படலத்தால் எல்லா விளக்கும் பூசணிப் பூப் போல விரியும். ஒவ்வொரு காட்சியையும் பத்து விநாடி அசையாமல் பிடியுங்கள். பார்ப்பவர் கண் தானே அசையும்.

விற்பவரின் வேலையை நிறுத்தி "இன்னொரு முறை தட்டுங்கள்" என்று கேட்காதீர்கள். அடுத்த வடை வரும், காத்திருங்கள். வரிசையில் ஆள் நின்றால் நீங்கள் விலக வேண்டும். அவர் பசியோடு நிற்கிறார்.

6. ருசித்துச் சொல்லுதல்

முதலில் ஒழுங்கு. இறால் வடை, பிறகு கொத்து, கடைசியில் மாங்காய். வீடியோவில் எந்த வரிசையில் வந்தாலும் சாப்பிடுவது இந்த வரிசையில் இருக்கட்டும். மிளகாய்த்தூளும் உப்பும் புரட்டிய புளி மாங்காயை முதலில் தின்றால் அதற்குப் பிறகு நாக்கு எதையும் பிரித்துச் சொல்லாது. உறைப்பு ஏறினால் தண்ணீர் குடித்துப் பயனில்லை, உறைப்பு தண்ணீரில் கரையாது. பால் தேத்தண்ணீரை ஆறவைத்துக் குடியுங்கள்.

எண்ணெயிலிருந்து எடுத்த வடையை உடனே கடித்து வாயைத் திறந்து ஊதுவது எல்லா வீடியோவிலும் வருகிறது. உங்களுடையதில் வேண்டாம். இரண்டு நிமிடம் ஆறவிடுங்கள், மேலோடு இன்னும் மொறுமொறுப்பாகும், கடிக்கும் சத்தமும் நன்றாக வரும். முதல் கடி ஒன்றுதான், அதைத் திரும்ப நடிக்க முடியாது. ஆகவே பதிவு ஓடுகிறதா என்று இரண்டு முறை பாருங்கள். மென்று விழுங்கிய பிறகு பேசுங்கள்.

பேச்சுக்கு நான் வைத்திருக்கிற விதி: முதலில் பல்லுக்கு என்ன பட்டது, பிறகு நாக்குக்கு என்ன வந்தது, விழுங்கிய பின் என்ன மிஞ்சியது. அக்காவின் வடைக்கு நான் சொன்னது இது: "ஓரம் மொறுமொறு, நடுவில் பருப்புப் பருப்பாகப் படுகிறது. இறாலின் ஓடு கொஞ்சம் கரகரக்கிறது, பெருஞ்சீரக வாசம் கடைசிவரை நிற்கிறது." இறால் தலையோடும் மீசையோடும் வரும், தெரியாமல் கடித்தால் அண்ணத்தில் குத்தும் என்பதையும் சொன்னேன், ஏனெனில் எனக்குக் குத்தியது. இறால் ஒவ்வாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதே எண்ணெயில்தான் உளுந்து வடையும் பொரிகிறது.

பிடிக்காவிட்டால்? என் கொத்தில் உப்புக் கூடியிருந்தது. கமராவில் புகழவில்லை, குறையும் சொல்லவில்லை. நிறுத்திவிட்டு நானாவிடம் மெல்லச் சொன்னேன். குழம்பு அடியில் வற்றியிருந்தது என்றார். அடுத்த நாள் வாங்கிய தட்டைத்தான் வீடியோவில் ருசித்தேன். ஒரு நாள் உப்பைக் காலத்துக்கும் பதிந்து வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. உங்கள் கொள்கை வேறாக இருக்கலாம், ஆனால் பொய்யாக மட்டும் புகழாதீர்கள்.

விலையை ஒரே வரியில், திகதியோடு சொல்லுங்கள். கமராவுக்கு முன்னால் பேரம் பேசாதீர்கள். கொழும்பில் இவ்வளவு, இங்கே இவ்வளவு என்ற ஒப்பீடும் வேண்டாம்.

7. செலவும் நேரமும்

உருப்படியாகப் போன மூன்று மாலைகளுக்கும் சேர்த்து எனக்குச் சென்றது 6,100 ரூபாய்: சாப்பாடு 3,400, முச்சக்கர வண்டி 1,200, காற்றுத்தடுப்பு உறை 900, சம்மதத் தாள்களின் பிரதியும் மூன்று பெரிய படங்கள் அச்சடித்ததும் 600. படங்கள் விற்பவர்களுக்கு. காசு கொடுத்தால் சங்கடப்படுகிறவர்கள் படத்தை வாங்கி வண்டியில் ஒட்டிவிடுகிறார்கள்.

படம் பிடித்தது இரண்டு மாலைகளில் மொத்தம் ஆறு மணித்தியாலம். தொகுப்பு நான்கு இரவுகள், அதில் இரண்டு ஒலிக்கே போயிற்று. கைப்பேசியில் இடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டாம் மாலை ஏழு மணிக்கு இடம் நிரம்பி, மின்னேற்றமும் தீர்ந்து, கொத்தை முடிக்கும் அந்தக் கடைசி மூன்று தட்டல் பதிவில் இல்லாமல் போயிற்று. அதனால்தான் மூன்றாம் மாலை.

ஒரு சிறு விடயம்: மாலையானால் புள்ளிமான்கள் கோட்டைப் பக்கமிருந்து கரைக்கு இறங்கி வரும். காட்சிக்கு அழகுதான். ஆனால் வடையையோ மாங்காயையோ கொடுத்துக் கமராவுக்குள் இழுக்காதீர்கள். மிஞ்சிய கடதாசியையும் பையையும் அள்ளிக்கொண்டு போங்கள், அவை அதையும் தின்கின்றன.

8. வெளியிடும் முன் காட்டுங்கள்

ஒவ்வொருவருக்கும் அவர் வருகிற பகுதியை மட்டும் தனியாக அனுப்புங்கள். முழு வீடியோவை அனுப்பினால் பார்க்க நேரம் இருக்காது, பார்க்காமலே சரி என்பார்கள். இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள். பதில் வராவிட்டால் அதைச் சம்மதமாக எடுக்காமல், வண்டிக்கே போய் உங்கள் கைப்பேசியில் போட்டுக் காட்டுங்கள்.

நானா கடையின் தொலைபேசி இலக்கத்தைச் சேர்க்கச் சொன்னார். மாங்காய் ஐயா தன் பகுதியை இரண்டு முறை பார்த்துவிட்டுக் கச்சானைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்றார், அது உண்மைதான், ஒரு வரி சேர்த்தேன். வடை அக்கா கடைசி வரை பார்த்தார். தன் முகம் வருகிற இடத்தில் சிரித்தார். பிறகு ஓரிடத்தை நிறுத்தச் சொல்லி, முந்தானையால் வியர்வை துடைத்துவிட்டு அதே கையால் வடை தட்டுவது தெரிகிறது, அதை மட்டும் எடுத்துவிடு தம்பி என்றார். நான் நான்கு நாளும் பார்த்து அதைக் கவனிக்கவில்லை. மூன்று விநாடி. அங்கேயே வண்டியோரம் நின்று வெட்டினேன், அதற்குள் அடுத்த வடை எண்ணெயில் விழுந்துவிட்டது.